மூன்று விரல் நுழையாத வாய்

கல்யாணச் சமையல்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாற்பது வயது. அடுப்படியில் நிற்கிற நேரமெல்லாம் கன்னத்தில் சீவல் ஒதுங்கியிருக்கும். கொஞ்சம் வெற்றிலை, கொஞ்சம் சுண்ணாம்பு. புகையிலையைத் தொட்டதில்லை. ஒருநாள் சாம்பாரை உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்த்தபோது நாக்கும் கன்னத்தின் உட்புறமும் எரிந்தன. மற்றவர்கள் காரம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். வாய்ப்புண் என்று நினைத்து மருந்துக்கடையில் வைட்டமின் மாத்திரை வாங்கிப் போட்டார். சுண்ணாம்பு கூடிவிட்டதோ என்று அதைக் குறைத்தார். சீவலை மட்டும் குறைக்கவில்லை. சில மாதங்களில் தொண்டையும் எரிந்தது. இரண்டு வருடத்தில் உளுந்துவடையை முழுசாகக் கடிக்க முடியவில்லை, பிட்டுத்தான் தின்றார். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி மருத்துவரிடம் போனபோதுதான், பல்லைப் பிடுங்கக் கருவி நுழையுமளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை என்று தெரிந்தது.

இவர் ஒரு உதாரணம்தான். ஆனால் பல் மருத்துவமனைகளுக்கு இந்த வரிசையிலேயே வந்து சேருகிறவர்கள் நிறைய. எரிச்சல் முதலில், இறுக்கம் பிறகு. நடுவில் இருக்கும் காலம்தான் கையில் இருக்கும் காலம். அதைப் பெரும்பாலும் மாத்திரையிலும் களிம்பிலும் கழித்துவிடுகிறார்கள்.

நோயின் பெயர் வாய்ச் சளிச்சவ்வடி நார்த்திசுப் பெருக்கம். மருத்துவர்கள் சுருக்கமாக ஓ.எஸ்.எம்.எஃப். என்பார்கள். 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார். ஊர் மாறியும் பாக்குப் பழக்கம் மாறாத இடமெல்லாம் இது கூடவே போயிருக்கிறது.

மிளகாய், சுண்ணாம்பு, புகையிலை என்று பலவற்றின் மேல் பழி போடுகிறோம். முக்கியக் குற்றவாளி பாக்கு. அதிலுள்ள அரிகோலின் என்ற பொருள், கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் இருக்கும் செல்களைத் தூண்டி, கொலாஜன் என்னும் நாரை அளவுக்கு மீறி உண்டாக்க வைக்கிறது. சாதாரணமாக உடம்பு பழைய நாரைக் கரைத்துக்கொண்டே இருக்கும். பாக்கின் துவர்ப்புக்குக் காரணமான டானின் அந்தக் கரைப்பைத் தடுக்கிறது. பாக்கில் இருக்கும் தாமிரமோ நார்களை ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்படுத்த உதவுகிறது. உண்டாவது கூடி, கரைவது குறைந்து, இருப்பது இறுகினால் கன்னம் எப்படி நெகிழும்? மேல்தோலும் மெலிந்துபோவதால் சாதாரணக் காரமே நெருப்பாகத் தெரிகிறது.

ஆகவே புகையிலை போடாதவருக்கும் இது வரும். பான் மசாலா, குட்கா பொட்டலங்களில் இருப்பது காய்ந்து செறிவான பாக்குத் தூள். வெற்றிலையோடு மெல்லுகிறவர்களைவிட இவற்றை மெல்லும் இளைஞர்களுக்கு வாய் சீக்கிரமே இறுகிவிடுகிறது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழையுங்கள். பெரியவர்களுக்குச் சராசரியாக நாற்பது மில்லிமீட்டர் அளவு வாய் திறக்கும். மூன்று விரலும் நுழைந்துவிடும். இரண்டே நுழைந்தால் சந்தேகப்பட வேண்டும். பிறகு கண்ணாடி முன் கன்னத்தின் உட்புறத்தைப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறி, பளிங்குபோல் தெரிகிறதா? விரலால் தடவினால் மேலும் கீழுமாகக் கயிறு ஓடுவதுபோல் தட்டுப்படுகிறதா? நாக்கை முன்போல் நீட்ட முடியாமல் போவதும், விசிலடிக்கவோ பலூன் ஊதவோ வராமல் போவதும், விழுங்கச் சிரமப்படுவதும் அடுத்தடுத்த கட்டங்கள்.

ஒருமுறை இறுகிய நார் தானாக முழுதும் இளகாது. பாக்கை விட்டால் எரிச்சல் குறையும், நோய் மேலே போவது பெரும்பாலும் மட்டுப்படும். அதனால்தான் எந்தச் சிகிச்சையும் அங்கிருந்தே தொடங்குகிறது. கன்னத்தில் ஸ்டீராய்டும், நாரைத் தளர்த்தும் ஹையலூரானிடேஸும் ஊசியாகப் போடுவார்கள். கூடவே வாய்ப் பயிற்சி: ஐஸ்குச்சி போன்ற மரப்பட்டைகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, நாள்பட ஒவ்வொன்றாகக் கூட்டுவார்கள். மிகவும் இறுகியவருக்கு அறுவை சிகிச்சை செய்து நாரை வெட்டிவிடலாம். ஆனால் அதன்பின் மாதக்கணக்கில் பயிற்சி செய்யாவிட்டாலும், மறுபடி பாக்கைத் தொட்டாலும் வாய் திரும்ப மூடிக்கொள்ளும். இதைச் சொல்லாமல் அறுவை சிகிச்சைக்கு அனுப்புவது நியாயமில்லை.

வாய் திறப்பதோடு கவலை முடிவதில்லை. எர்ணாகுளம் பகுதியில் இந்நோய் உள்ளவர்களை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களில் நூற்றுக்கு 7.6 பேருக்குப் புற்றுநோய் வந்தது. பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையும் வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கை விட்டவர்களுக்கும் அந்த அபாயம் முழுதாகப் போய்விடாது.

காரம் சாப்பிட்டால் வாய் எரிகிறது, நீங்கள் பாக்கு மெல்லுகிறவர் என்றால், இன்றைக்கே பாக்கை நிறுத்திவிட்டு, அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ பல் மருத்துவரிடமோ போங்கள். எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எத்தனை முறை மெல்லுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நோய் உறுதியானால், எரிச்சல் போன பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை வாயைக் காட்டிக்கொண்டே இருங்கள்.