பேட்டன் யார் கையிலிருந்து யார் கைக்கு?

2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 4x100 மீட்டர் ரிலேயில் ஜப்பான் 37.60 விநாடியில் ஓடி வெள்ளி வென்றது. அன்றுவரை 100 மீட்டரை 10 விநாடிக்குள் ஓடியவர் அந்த நால்வரில் ஒருவர்கூட இல்லை. யமகட்டாவின் சிறந்த நேரம் 10.05, இய்சுகாவுடையது 10.22, கிர்யூவுடையது 10.01, கேம்பிரிட்ஜுடையது 10.10. நான்கையும் கூட்டினால் 40.38 வருகிறது. ரிலேயில் அவர்கள் எடுத்தது அதைவிட 2.78 விநாடி குறைவு.

குறைவதில் வியப்பில்லை. முதல் ஆள் மட்டும்தான் நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறார். மற்ற மூவரும் ஓடிக்கொண்டே பேட்டனை வாங்குவதால் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு விநாடி மிச்சமாகும். எவ்வளவு குறைந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அதே பந்தயத்தில் 37.27 விநாடியில் தங்கம் வென்ற ஜமைக்காவின் பவல், பிளேக், ஆஷ்மீட், போல்ட் நால்வரின் சிறந்த நேரங்களைக் கூட்டினால் 38.89. அவர்களுக்குக் குறைந்தது 1.62 விநாடிதான். பவல், பிளேக், போல்ட் மூவரின் சிறந்த நேரங்களும் பல ஆண்டுகளுக்கு முந்தையவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் முழுவதும் பேட்டன் மாற்றத்தால் வந்ததல்ல. ஆனாலும் பெரும் பங்கு அங்கேதான் இருக்கிறது.

ஜப்பானின் வரிசையைப் பாருங்கள். நால்வரில் 100 மீட்டர் நேரம் மிகச் சிறந்த கிர்யூ மூன்றாவது ஓடினார். நேரம் அதிகமான இய்சுகா இரண்டாவது. நம் பள்ளி மைதானங்களில் பழகிய வழக்கமோ வேறு: வேகமான பிள்ளையைக் கடைசியில் நிறுத்து, அடுத்தவரை முதலில் விடு, வேகம் குறைந்தவரை மூன்றாவதில் மறைத்து வை. இந்த வழக்கத்துக்கு அடியில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. நான்கு எண்களை எந்த வரிசையில் கூட்டினாலும் கூட்டுத்தொகை ஒன்றுதானே? தனித்தனி 100 மீட்டர் நேரம் அணியில் எந்த நால்வர் என்பதைச் சொல்லும். யாருக்குப் பின் யார் என்பதைச் சொல்லாது.

வரிசையை மாற்றினால் மாறுபவை வேறு. முதல், மூன்றாம் கட்டங்கள் வளைவில் வருகின்றன. இரண்டாவதும் நான்காவதும் நேர்ப்பாதை. உயரமான, நீண்ட எட்டு வைக்கும் ஓட்டக்காரர் வளைவில் அரை விநாடிகூட இழக்கலாம். குள்ளமானவர் இழப்பது அதிகமிராது. தொடக்கத் துப்பாக்கிக்குச் சட்டென்று கிளம்பும் திறமை முதல் ஆளுக்கு மட்டுமே பயன்படும். பேட்டன் கையில் இருக்கும் தூரமும் எல்லோருக்கும் சரியாக 100 மீட்டர் இல்லை. இரண்டாமவர் கூடுதலாக ஓட வேண்டிவரலாம். இய்சுகா 200 மீட்டர் ஓட்டக்காரர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் பேட்டனைக் கொடுப்பதோடு சரி, கடைசி ஆள் வாங்குவதோடு சரி. வாங்கத் தடுமாறும் பிள்ளையை முதலிலும், கொடுக்கத் தடுமாறும் பிள்ளையைக் கடைசியிலும் போடுவது நல்ல பயிற்சியாளர்கள் சத்தமில்லாமல் செய்யும் வேலை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், எந்த இருவருக்கிடையே பேட்டன் மாறுகிறது என்பது. இதை அளக்க ஒரு கைப்பேசி கேமரா போதும். கைமாற்றப் பகுதி இப்போது 30 மீட்டர். பேட்டன் அதற்குள் நுழைந்து வெளியேற எடுக்கும் நேரத்தை வீடியோவில் எடுங்கள். அந்த இருவரும் தனித்தனியே முழு வேகத்தில் 30 மீட்டரைக் கடக்கும் நேரத்தின் சராசரியை அதிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதே அந்த ஜோடியின் இழப்பு. கொடுப்பவர் முப்பது மீட்டர் மட்டும் ஓடிவந்து கொடுத்தால் அளவு பொய்யாகிவிடும். எண்பது, தொண்ணூறு மீட்டர் ஓடிக் களைத்த காலோடு வர வேண்டும்.

ஒரு பள்ளி மாணவியர் அணியை வைத்துக் கணக்குப் போடுவோம். க, ச, த, ப என்று நால்வர். 100 மீட்டர் நேரங்கள் 12.6, 12.8, 13.0, 13.2. க உயரம், வளைவில் தடுமாறுவாள். ச நன்றாகக் கிளம்புவாள். அதனால் முதல் வளைவுக்கு ச (12.9 விநாடி) என்று வைத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டே வாங்கினால் நேர்ப்பாதையில் க-வுக்கு 11.6, த-வுக்கு 12.1, ப-வுக்கு 12.4. மூன்றாவது வளைவில் த-வுக்கு 12.3, ப-வுக்கு 12.5.

வழக்கப்படி ச, த, ப, க என்று நிறுத்தினால் ஓட்ட நேரம் 12.9, 12.1, 12.5, 11.6, மொத்தம் 49.1. க-வையும் த-வையும் இடம் மாற்றி ச, க, ப, த என்றாலும் அதே 49.1. ஓட்டத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் சமம். இப்போது இழப்புகளைச் சேர்ப்போம். முதல் வரிசையில் ச-த 0.25, த-ப 0.20, ப-க 0.45, ஆக 50.0. அந்த 0.45 எங்கிருந்து வந்தது? ப களைத்து வேகம் குறைந்து வருகிறாள், க சிட்டாய்ப் பறக்கிறாள். எட்டாத கைக்கு எட்ட வைக்க க வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். பேட்டன் 3.60 விநாடியில் கடக்க வேண்டிய முப்பது மீட்டரை 4.05-இல் கடக்கிறது. இரண்டாவது வரிசையில் ச-க 0.25, க-ப 0.30, ப-த 0.15, மொத்தம் 49.8.

யாரும் முதலில் யோசிக்காத இன்னொரு வரிசையும் உண்டு: ச, ப, த, க. வேகம் குறைந்த ப இங்கே இரண்டாவது. ஓட்ட நேரம் 49.2, முன்னவற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதல். ஆனால் ச-ப 0.15, ப-த 0.15, த-க 0.20. மொத்தம் 49.7. மெதுவாக ஓடும் வரிசை வென்றுவிட்டது. நான்கு பேருக்கு 24 வரிசைகள்தான், இருவர் இருவராக 12 கைமாற்றங்கள்தான். ஒரு தாளில் ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதிலும் நிதானம் வேண்டும். ஒவ்வொரு ஜோடியையும் ஐந்து முறை அளந்தால் அதற்குள்ளேயே பத்தில் ஒரு விநாடி ஏறி இறங்கும். ஆகவே 49.7-க்கும் 49.8-க்கும் உள்ள வித்தியாசத்தை நான் பெரிதாக எடுக்க மாட்டேன்; 50.0-ஐ நிச்சயம் தள்ளுவேன். மிக அருகில் நிற்கும் இரண்டு வரிசைகளில் எந்த ஜோடியின் நேரங்கள் குறைவாகச் சிதறுகின்றனவோ அதைத் தேர்ந்தெடுப்பேன். சராசரி அழகாக இருந்து, ஐந்தில் ஒரு முறை பேட்டன் பகுதியைத் தாண்டிப் போகிற ஜோடி ஆபத்தானது. நடுவர் பார்ப்பது ஓடுபவரின் காலை அல்ல, பேட்டன் இருக்கும் இடத்தை. ரியோவில் அமெரிக்கா 37.62-இல் மூன்றாவதாக வந்தும், முதல் கைமாற்றம் பகுதிக்கு முன்பே நடந்ததால் தகுதி இழந்து, வெண்கலம் கனடாவுக்குப் போனது.

ஜப்பானுக்கும் அது நேர்ந்தது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில், சொந்த மண்ணில், முதல் கைமாற்றமே கைகூடாமல் ஓட்டத்தை முடிக்க முடியவில்லை. வாங்குபவர் கிளம்ப வேண்டிய கணத்தைக் காட்ட, தரையில் டேப் ஒட்டி ஒரு குறி வைப்பார்கள். கொடுப்பவர் அதை எட்டியதும் வாங்குபவர் கிளம்புவார். குறி தூரத்தில் இருந்தால் அவர் சீக்கிரம் கிளம்பி வேகம் பிடித்துவிடுவார், எட்டாமல் போகும் ஆபத்தும் கூடும். அருகில் இருந்தால் பேட்டன் கைக்கு வந்துவிடும், ஆனால் இருவரும் நெருக்கியடித்து வேகம் இழப்பார்கள். தகுதிச் சுற்றில் குறியை ஓர் அடி அருகே இழுத்து வைத்து, இறுதிக்கு மட்டும் பயிற்சியில் அளந்த இடத்துக்குத் தள்ளுவது நான் பின்பற்றச் சொல்லும் முறை. த-வுக்குக் கால் பிசகி வேறொருத்தி வந்தால், அவளை அப்படியே மூன்றாம் இடத்தில் நிறுத்திவிடக் கூடாது. ப-வுடனும் க-வுடனும் இருந்த இரண்டு ஜோடிகளும் உடைந்துவிட்டன. 24 வரிசைகளையும் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.