கடைசி மூன்று தேர்வு மட்டும் போதுமா?

ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள். கணக்குப் பாடத்தில் ஒரு பருவத்துக்கு எட்டுத் தேர்வுகள். கவிதா எடுத்த மதிப்பெண்கள் வரிசையாக 35, 42, 50, 58, 65, 72, 78, 82. செந்தில் எடுத்தவை 88, 84, 80, 76, 60, 55, 52, 50. எட்டையும் கூட்டி வகுத்தால் கவிதாவுக்கு 60, செந்திலுக்கு 68. கடைசி மூன்றை மட்டும் எடுத்தால் கவிதாவுக்கு 77, செந்திலுக்கு 52. ஒரே மதிப்பெண் பதிவேடுதான், ஆனால் யார் முன்னே, யார் பின்னே என்பது அப்படியே தலைகீழாகிவிடுகிறது.

கடைசிச் சில தேர்வுகளின் சராசரியை மட்டும் பருவ கிரேடாகக் கொள்ளும் இந்த முறைக்கு நகரும் சராசரி என்று பெயர். புதிய தேர்வு ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் மதிப்பெண் முறையைச் சீர்திருத்தக் கிளம்பியவர்கள் இந்த எண்ணத்தைப் பரப்பினார்கள். அவர்களில் முக்கியமானவர் கனடாவைச் சேர்ந்த கென் ஓ'கானர். மதிப்பிடும் முறையில் உள்ள பழுதுகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்வது பற்றி 2007இல் ஒரு புத்தகமே எழுதினார். ஜூன் மாதத்தில் புரியாததை அக்டோபரில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு ஜூன் மாதத் தோல்வியை ஏன் சுமத்த வேண்டும் என்பதுதான் இந்தத் தரப்பின் கேள்வி. நியாயமான கேள்விதான். கவிதாவின் மதிப்பெண்களைப் பார்த்தால் 60 என்ற எண் அவளுக்கு இழைத்த அநீதி என்றே தோன்றும்.

நம் ஊரில் இதைச் சொன்னதும் பலரும் சிபிஎஸ்இ பள்ளிகளின் இடைத்தேர்வு முறையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே மூன்று தேர்வில் சிறந்த இரண்டின் சராசரி எடுக்கப்பட்டது. சிறந்ததை எடுக்கும் முறையில் ஒரு முறை ஏறிய சராசரி அதன்பின் இறங்குவதில்லை. கடைசியை எடுக்கும் முறையில் இறங்கும். நன்றாக எழுதினாலும் இறங்கும்.

இதுதான் பெற்றோருக்கு விளங்காத இடம். ஒரு பையனின் கடைசி மூன்று மதிப்பெண்கள் 90, 60, 70. சராசரி 73. அடுத்த தேர்வில் 80 எடுக்கிறான். தன் சராசரியைவிட ஏழு மதிப்பெண் கூடுதல். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த 80 உள்ளே வரும்போது பழைய 90 வெளியே போய்விடுகிறது. மிச்சம் 60, 70, 80. சராசரி 70. போன மாதத்தைவிடக் குறைவு. புதிய மதிப்பெண் சராசரியைவிடக் கூடுதலா என்பது இங்கே கணக்கே இல்லை. வெளியேறும் மதிப்பெண்ணைவிடக் கூடுதலா என்பதுதான் கணக்கு. கிரேடு இறங்கியது என்று ஒரு தகப்பனார் சண்டைக்கு வந்தால், மூன்று மாதத்துக்கு முன் உங்கள் மகன் நன்றாக எழுதியதுதான் காரணம் என்று ஆசிரியர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிப் பாருங்கள்!

இந்தத் திடீர்ச் சரிவைத் தவிர்க்கத்தான் வேறு சிலர் பழையதை முழுவதும் தூக்கி எறியாமல் அதன் எடையை மட்டும் குறைக்கிறார்கள். கேன்வாஸ் என்ற பள்ளி மென்பொருளில் கடைசித் தேர்வுக்கு 65 சதவீதம், அதற்கு முந்தையவற்றுக்கு 35 சதவீதம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. சரிவு மென்மையாகிறது. ஆனால் கடைசித் தேர்வு அன்று காய்ச்சல் வந்தால் போயிற்று.

காய்ச்சல் என்றதும் வராதவர்களின் பிரச்சினை வருகிறது. இந்த முறையில் மிகவும் சிக்கலானது இதுதான். பல ஆசிரியர்கள் எக்செல்லில்தான் கணக்குப் போடுகிறார்கள். புதிய பதிப்புகளில் கடைசி மூன்றின் சராசரிக்கு இப்படி ஒரு சூத்திரம் போதும்:

```
=AVERAGE(TAKE(TOCOL(B2:I2,1),-3))
```

கவிதா எட்டாவது தேர்வுக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கட்டத்தை வெறுமையாக விட்டால் சூத்திரம் அதைத் தாண்டி ஐந்தாவது தேர்வைத் தேடி எடுக்கும், சராசரி 72. வழக்கம்போல `AB` என்று தட்டினால் அந்தக் கட்டமும் மூன்றில் ஒன்றாகிவிடும், ஆனால் எழுத்தைக் கூட்ட முடியாது என்பதால் இரண்டு தேர்வுகளின் சராசரி மட்டும் வரும், 75. பூஜ்யம் போட்டால் 50. ஒரே பிள்ளை, ஒரே நாள், மூன்று கிரேடு. எட்டுத் தேர்வின் சராசரி என்றால் ஒரு பூஜ்யம் இவ்வளவு ஆழமாக வெட்டாது. வெறுமையாக விடும் பள்ளியில் கெட்டிக்காரப் பிள்ளைகள் வேறொன்றையும் கண்டுபிடித்துவிடுவார்கள்: சராசரி உச்சத்தில் இருக்கும்போது அடுத்த தேர்வுக்கு வயிற்றுவலி வந்துவிட வேண்டும். விடுபட்டவர்களுக்கு மறுதேர்வு வைத்தால், அந்த மதிப்பெண்ணைத் தேர்வு நாளின் இடத்தில் எழுதுவதா, எழுதிய நாளின் இடத்தில் எழுதுவதா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எது கடைசி என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. எந்தத் தேர்விலும் கொஞ்சம் அதிர்ஷ்டம் கலந்திருக்கும். படித்த பகுதியிலிருந்து கேள்வி வந்தது, வரவில்லை என்று. ஒவ்வொரு தேர்விலும் ஏறக்குறைய பத்து மதிப்பெண் அளவுக்கு அந்த ஊசலாட்டம் இருந்தால், எட்டின் சராசரியில் அது மூன்றரையாகச் சுருங்கும். மூன்றின் சராசரியில் ஆறு மிச்சமிருக்கும். பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கிரேடு மாறும் நம் அட்டவணையில் ஆறு என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும் இவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று பாக்கி. மறுபடியும் கவிதாவையும் செந்திலையும் பார்ப்போம். முதல் நான்கு தேர்வும் இயற்கணிதம், அடுத்த நான்கும் வடிவியல் என்றால்? அப்போது கவிதா முன்னேறினாள், செந்தில் சரிந்தான் என்று நாம் படித்த கதையே ஆட்டம் காண்கிறது. அவளுக்கு வடிவியல் வருகிறது, அவனுக்கு இயற்கணிதம் வருகிறது, அவ்வளவுதான். கடைசி மூன்றை எடுத்தபோது நாம் பழைய நிலையைக் கழிக்கவில்லை. இயற்கணிதத்தையே பாடத்திலிருந்து கழித்துவிட்டோம். அவனவனுக்கு எது வருமோ அது பருவத்தின் கடைசியில் வந்தால் அதிர்ஷ்டம்.

அதனால் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டை எடுத்துப் பார்க்கலாம். இயற்கணிதத்தில் கவிதாவுக்கு 54, செந்திலுக்கு 78. வடிவியலில் அவளுக்கு 80, அவனுக்கு 51. இரண்டையும் சேர்த்தால் கவிதாவுக்கு 67, செந்திலுக்கு ஏறக்குறைய 65. எட்டு மதிப்பெண் வித்தியாசமும் இல்லை, இருபத்தைந்து மதிப்பெண் வித்தியாசமும் இல்லை. பகுதிக்குள்ளே கடைசியை எடுத்தால் இருவரும் கிட்டத்தட்டச் சமம்.

ஓ'கானரே பிந்தைய மதிப்பெண்ணுக்கு முதன்மை கொடுக்கச் சொன்னது காலப்போக்கில் வளரும் கற்றலுக்குத்தான். கட்டுரை எழுதுவது, சரளமாக வாசிப்பது, ஆங்கிலம் பேசுவது போன்றவற்றில் ஒவ்வொரு தேர்வும் அதே திறமையை மறுபடி அளக்கிறது. அங்கே கடைசி மூன்று பொருந்தும். வரலாற்றில் முதல் பாடமும் எட்டாம் பாடமும் வேறு வேறு. அங்கே இந்த முறையைக் கொண்டுவந்தால், எழுதி முடித்ததை மறந்துவிடலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னதாகத்தான் ஆகும்.

உங்கள் பள்ளியில் இதைக் கொண்டுவரப் பேச்சு நடந்தால், ஆசிரியர்கள் முதலில் போன வருடத்துப் பதிவேட்டை எடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மொத்தச் சராசரி, கடைசி மூன்றின் சராசரி, பகுதிவாரிச் சராசரி மூன்றையும் போட்டு, எல்லாப் பாடப்பகுதியும் கேட்கப்பட்ட ஆண்டுத் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். எது அதிகப் பிள்ளைகளுக்கு நெருங்கி வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பாடத்துக்குப் பாடம் விடை மாறினால், முறையும் மாறட்டும்.