ஊசிக்கு ஒரு வாரம் முன்பே இறங்க வேண்டிய கூடை

பூனைக்குட்டிக்கு முதல் தடுப்பூசி போட்டு முடித்ததும் கிளினிக்கில் ஒரு சிறிய அட்டை தருவார்கள். அடுத்த ஊசிக்கான தேதி அதில் இருக்கும். அந்தத் தேதிக்கு முதல் நாள் மாலை செல்பேசியில் ஒரு வரி வரும்: "நாளை தடுப்பூசி, தவறாமல் வரவும்." பல இடங்களில் நினைவூட்டல் என்பது இவ்வளவுதான். நாய் வளர்ப்பவருக்கு இது ஓரளவு போதும். கழுத்துப்பட்டையை மாட்டிக் கிளம்பிவிடலாம். பூனை வளர்ப்பவருக்கோ இது காலம் கடந்து வந்த செய்தி. பூனையைக் கூடைக்குப் பழக்குகிற வேலையை முதல் நாள் மாலையில் தொடங்கி மறுநாள் காலையில் முடிக்க முடியாது.

முதலில் தேதியைப் பார்ப்போம். குட்டிக்கு எதற்காக மூன்று, நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்ப ஊசி என்று பலரும் கேட்கிறார்கள். முதல் ஊசி வேலை செய்யவில்லையா என்ற சந்தேகமும் அவர்களுக்கு உண்டு. பிறந்தவுடன் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்கு வந்துசேர்கின்றன. நோயிலிருந்து குட்டியைக் காப்பவை அவைதான். ஊசி மருந்தை வேலை செய்யவிடாமல் அழித்துவிடுபவையும் அவையே. அவை எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். சிலவற்றுக்கு எட்டாவது வாரத்திலேயே தீர்ந்துவிடும், சிலவற்றுக்குப் பதினாறாவது வாரம்வரை நீடிக்கும். வெளியே இருந்து பார்த்து இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, கடைசித் தவணை பதினாறு வாரமோ அதற்குப் பிறகோ அமையும்படி அட்டவணை போடுகிறார்கள். இரண்டு வாரத்துக்குள் அடுத்த ஊசியைப் போட்டுப் பயனில்லை. நான்கைந்து நாள் தள்ளிப்போனால் பெரிய பாதகமில்லை. ஆனால் முந்தைய தவணை முடிந்து ஆறு வாரத்தையும் தாண்டிவிட்டால், மருத்துவர் கூடுதலாக ஒரு தவணை போடச் சொல்லக்கூடும். கடைசித் தவணைக்கு வராமல் விட்ட குட்டிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று வீட்டார் நம்பியிருப்பார்கள், உடம்பில் பாதுகாப்பு இருக்காது.

ஆகவே தேதியை நினைவூட்டுவது அவசியம்தான். ஆனால் தேதியை மறந்ததால் தவறுகிற ஊசிகளைவிட, பூனையைப் பிடிக்க முடியாததால் தவறுகிற ஊசிகளே என் கவலை. குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பு பரணிலிருந்து கூடை இறங்கும் சத்தம் கேட்டதும் பூனை பீரோவுக்குப் பின்னால் போய்விடும். துரத்திப் பிடித்தால் கையைக் கீறும், கடிக்கும். வெறிநோய் ஊசி போடப்படாத பூனை கடித்துவிட்டால், கடிபட்டவர் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டிவரும். கடைசியில் பூனை கட்டைப்பைக்குள்ளோ துணிப்பைக்குள்ளோ திணிக்கப்பட்டு, ஆட்டோவில் வந்து சேரும். கிளினிக் வாசலில் ஒரு நாய் குரைத்தால் பையைக் கிழித்துக்கொண்டு தெருவில் பாய்ந்துவிடும். தெரியாத தெருவில் ஓடிய பூனையைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது தேடியவர்களுக்குத்தான் தெரியும்.

பூனைக்குக் கூடைமீது பகை ஒன்றும் இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் கண்ணில் படுகிற, இரண்டு முறையும் ஊசியில் போய் முடிகிற பொருள் அது. அந்தத் தொடர்பை உடைக்க வேண்டும் என்றால் ஒரு வாரமாவது கூடை வீட்டுக்குள் சாதாரணப் பொருளாகக் கிடக்க வேண்டும். கதவைத் திறந்தபடி, முடிந்தால் கதவையே கழற்றிவிட்டு, பூனை வழக்கமாகப் படுக்கும் மூலையில் வைக்க வேண்டும். அது படுத்துப் பழகிய பழைய துண்டைத் துவைக்காமல் உள்ளே விரிக்க வேண்டும், அதன் சொந்த வாசனைதான் அதற்குத் தைரியம். முதல் இரண்டு நாள் வாசலருகே சோற்றுக் கிண்ணத்தை வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்தினால், நான்காம் ஐந்தாம் நாளில் தானாகவே நுழைந்து சாப்பிடும். அப்போது கதவை ஒரு நிமிடம் மூடித் திறந்து பழக்கலாம்.

எந்தக் கூடை என்பதும் முக்கியம். கெட்டியான பிளாஸ்டிக்கில், மேல்மூடி தனியாகக் கழன்று வருகிற கேரியர்தான் நல்லது. மருத்துவர் மூடியை மட்டும் கழற்றிவிட்டு, பூனை அடித்தட்டிலேயே துண்டின்மேல் உட்கார்ந்திருக்க, எடை தவிர மற்றப் பரிசோதனைகளை முடித்து ஊசியையும் போட்டுவிடலாம். முன்கதவு மட்டுமே உள்ள கூடையில் பூனையை இழுக்க வேண்டும் அல்லது கூடையைக் கவிழ்க்க வேண்டும், இரண்டும் அதைக் கலவரப்படுத்தும். கண்ணாடிக் குமிழ் வைத்த முதுகுப்பைகள் இப்போது கடைகளில் நிறையத் தொங்குகின்றன. நம் ஊர் வெயிலில் அவற்றுக்குள் காற்றோட்டம் போதாது, நான் அவற்றைச் சிபாரிசு செய்யமாட்டேன். கேரியர் வாங்க வசதியில்லை என்றால், ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் துணிக்கூடைகள் இரண்டை வாய்க்கு வாய் கவிழ்த்து, சுற்றிலும் பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டினால் ஒரு குட்டிக்குப் போதும். இரண்டு பூனைகள் இருந்தால் இரண்டு கூடை வேண்டும். வீட்டில் ஒன்றாகப் படுப்பவைகூடப் பயத்தில் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் நினைவூட்டலில் எப்படிச் சொல்வது? ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். குட்டியின் பெயர் சிட்டு. எட்டாவது வாரத்தில் முதல் ஊசி முடிந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் இரண்டாவது தவணையும், அதோடு வெறிநோய் ஊசியும் போட வேண்டும். சனிக்கிழமை காலை 10.30 மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். மகன் கல்லூரிக்குப் போய்விடுவதால் பாட்டிதான் ஆட்டோவில் கொண்டுவரப் போகிறார். கிளினிக்கில் பதிந்திருப்பதோ மகனின் எண். பாட்டியின் எண்ணையும் கேட்டு வாங்கி, தமிழிலேயே அனுப்பினால்தான் செய்தி வேலை செய்யும்.

முதல் செய்தி, முந்தைய சனிக்கிழமை:

"வணக்கம். சிட்டுவுக்கு இரண்டாவது தவணை ஊசியும் வெறிநோய் ஊசியும் வரும் சனிக்கிழமை காலை 10.30 மணிக்கு. கூடையை இன்றே இறக்கி, கதவைத் திறந்து, சிட்டு படுக்கும் இடத்தில் வையுங்கள். அது படுத்த துண்டை உள்ளே போடுங்கள். தினமும் கூடைக்கு அருகே சாப்பாடு கொடுங்கள். அன்று வர இயலாது என்றால் இப்போதே சொல்லுங்கள், வேறு நாள் தருகிறோம்."

இரண்டாவது செய்தி, வெள்ளிக்கிழமை காலை:

"நாளை காலை 10.30 மணிக்குச் சிட்டுவின் ஊசி. 10.20க்கு வந்தால் போதும். ஊசி அட்டையை எடுத்துவாருங்கள். காலையில் பாதி வயிற்றுக்குச் சாப்பாடு கொடுங்கள், பட்டினி வேண்டாம். கூடையைத் துணியால் மூடி, அடியில் கைகொடுத்துத் தூக்கி வாருங்கள். தரையில் வைக்காதீர்கள், வலப்பக்கம் பூனைகளுக்கு மேசை இருக்கிறது. ஊசிக்குப் பின் அரை மணி நேரம் இங்கே இருக்க வேண்டும். சாப்பிடவில்லை, வாந்தி, பேதி, தும்மல் என்று ஏதாவது இருந்தால் கிளம்பும் முன் போன் செய்யுங்கள்."

இதில் ஒரு வரியும் வீண் இல்லை. பத்து நிமிடம் முன்னதாக வரச் சொல்வது அட்டையைப் பதியவும் எடை பார்க்கவும்தான். அதற்குமேல் முன்னதாக வருவது, மனிதருக்கு நல்ல பழக்கமாக இருந்தாலும், பூனைக்குக் கெடுதல். நாய்களுக்கு நடுவே நாற்பது நிமிடம் காத்திருந்த பூனையின் நாடித்துடிப்பும் உடல்வெப்பமும் பயத்தாலேயே ஏறிவிடும். பூனையின் இயல்பான வெப்பம் ஏறக்குறைய 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். அதைத் தாண்டினால் அது காய்ச்சலா, பயமா என்று மருத்துவர் யோசிக்க வேண்டிவரும். காய்ச்சல் என்றால் ஊசியைத் தள்ளிப்போடுவார். இடம் நெரிசலாக இருந்தால் வாசலில் நிழலில் நின்று முறை வந்ததும் அழைக்கச் சொல்லலாம். ஏசி ஓடாத காருக்குள் கூடையை வைத்துவிட்டு வருவது மட்டும் கூடவே கூடாது.

துணியால் மூடுவது நாய்கள் பூனையின் கண்ணில் படாமல் இருக்க. மேசைமேல் வைக்கச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். உயரத்தில் இருந்தால் பூனைக்குப் பயம் குறையும் என்பது ஒன்று. தரையில் நோய்க்கிருமி இருக்கலாம் என்பது இன்னொன்று. பூனைகளைக் கொல்லும் பார்வோ வகை வைரஸ் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடம்வரைகூடத் தரையில் உயிர்ப்போடு இருக்கும். ஊசிகள் முடியாத நாய்க்குட்டிக்கும் இதே ஆபத்து உண்டு. அதைக் கிளினிக் தரையில் நடக்கவிடாமல் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது நாய் வளர்ப்போருக்கான செய்தியில் இடம்பெற வேண்டிய வரி.

அரை மணி நேரம் இருக்கச் சொல்வதை மட்டும் பலர் காதில் வாங்குவதில்லை, ஆட்டோ காத்திருக்கிறது என்று கிளம்பிவிடுகிறார்கள். ஊசிக்கு ஒவ்வாமை வருவது அபூர்வம். ஆனால் வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் வரும். முகம் வீங்குவது, முகத்தைப் பரபரவென்று சொறிவது, திடீர் வாந்தி, மூச்சுத் திணறல், துவண்டு விழுவது ஆகியவை அதன் அடையாளங்கள். உடனே ஊசி போட்டு மீட்கக்கூடிய மருத்துவர் பக்கத்து அறையிலேயே இருக்கிறார் என்பதுதான் காத்திருப்பதன் பயன். இதே காரணத்துக்காகத்தான் கடை அடைக்கும் நேரத்து ஊசியைவிடக் காலை நேரத்து ஊசி மேல். வீட்டுக்குப் போன பிறகு ஏதாவது ஆனாலும் அன்று மாலைவரை கேட்க ஆள் இருக்கும். அன்றும் மறுநாளும் கொஞ்சம் சோர்ந்து படுப்பதும் ஊசி போட்ட இடம் வலிப்பதும் இயல்பு.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால், திரும்பி வந்ததைப் பார்த்து அது சீறலாம். கிளினிக் வாசனையால் அதற்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கும். கூடைக்குள்ளேயே சிறிது நேரம் விட்டு, வீட்டு வாசனை ஏறிய பிறகு வெளியே விடுங்கள். கூடையை மறுபடி பரணில் ஏற்றாதீர்கள். பதினாறாவது வாரத்துக்கு இன்னும் நான்கு வாரம்தான் இருக்கிறது.

வரிசையில் நின்று சீட்டு வாங்கிப் பார்க்கும் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இப்படிச் செய்தி அனுப்பும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அங்கே போகிறவர்கள் ஊசி தேதிக்கு ஏழு நாள் முன்பு ஒன்று, முதல் நாள் ஒன்று என்று செல்பேசியில் தாங்களே இரண்டு அலாரம் வைத்துக்கொள்ளலாம். கிளினிக் நடத்துகிற டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரே செய்தியை முதல் நாள் அனுப்புவதை விட்டுவிட்டு, பூனைகளுக்கு மட்டுமாவது அதை இரண்டாகப் பிரித்து, கூடையைப் பற்றிய பாதியை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள்.