10% எரியலை, 5% எரியுது... ஸ்கின்கேர் ஆசிடில் நீங்கள் பார்க்க வேண்டிய நம்பர் எது?

கிளைகாலிக் ஆசிட் சீரம் வாங்கும்போது பலரும் பார்ப்பது சதவீதத்தை மட்டும்தான். 'நம்ம ஸ்கின் சென்சிட்டிவ், 5% போதும்' என்று வாங்கி வந்தால், சில சமயம் 10% சீரத்தைவிட அதுதான் அதிகமாக எரியும். காரணம், பிஎச் அளவு.

பிஎச் என்ன செய்கிறது?

பாட்டிலுக்குள் ஆசிட் இரண்டு வடிவில் இருக்கும். மின்னூட்டம் இல்லாத வடிவம் தோலுக்குள் எளிதாக இறங்கும். இறந்த செல்களை உதிர்ப்பதும், எரிச்சல் தருவதும் முக்கியமாக இதுதான். மின்னூட்டம் உள்ள உப்பு வடிவம் அவ்வளவாக உள்ளே போகாது. பிஎச் குறையக் குறைய முதல் வடிவம் கூடும்.

கிளைகாலிக் ஆசிடில் இரண்டும் சரிபாதியாக இருப்பது பிஎச் 3.8-ல். இப்போது கணக்குப் போடுவோம். பிஎச் 4.8 உள்ள 10% சீரத்தில், உள்ளே இறங்கும் வடிவம் சுமார் 1% மட்டுமே. பிஎச் 3 உள்ள 5% சீரத்திலோ 4%-க்கும் மேல். சின்ன நம்பர் போட்ட பாட்டில்தான் நான்கு மடங்கு வீரியம்!

மாண்டெலிக் ஏன் மென்மை?

வேதியியல் கணக்கில் கிளைகாலிக்கைவிட மாண்டெலிக்தான் கொஞ்சம் வலுவான ஆசிட். ஆனாலும் எரிச்சல் குறைவு. அதன் மூலக்கூறு கிளைகாலிக்கைப் போல இரண்டு மடங்கு எடை கொண்டது. அதனால் தோலுக்குள் மெதுவாகத்தான் இறங்கும். அதோடு, ஒரே பிஎச்-ல் வைத்துப் பார்த்தால் மாண்டெலிக்கில் மின்னூட்டம் இல்லாத பங்கும் குறைவு.

குளுக்கோனோலாக்டோன் போன்ற பிஎச்ஏ வகைகளின் மூலக்கூறு இன்னும் பெரியது. நீரைப் பிடித்து வைக்கும் தன்மையும் உண்டு. அதனால், ரொம்ப சென்சிட்டிவான சருமத்துக்கு இதிலிருந்து தொடங்கலாம். பலன் மெதுவாகத்தான் தெரியும்.

வாங்கும்போது...

லேபிளிலோ நிறுவனத்தின் தளத்திலோ பிஎச் இருக்கிறதா பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கான கிளைகாலிக் 10%-க்கு மேல் போகாமலும், பிஎச் 3.5-க்குக் கீழே இறங்காமலும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க அழகுசாதன நிபுணர் குழுவின் வரையறை. சென்சிட்டிவ் சருமத்துக்கு பிஎச் 4-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. தண்ணீர் போன்ற டோனரை பிஎச் பேப்பரில் தோராயமாகச் சோதிக்கலாம். க்ரீமில் அது சரியாக வராது.

முதலில் முன்கையின் உள்பக்கத்தில் சில நாள் தடவிப் பாருங்கள். பிறகு வாரம் இரண்டு இரவு போதும். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

தடவியதும் ஓரிரு நிமிடம் லேசாகச் சுருக்கென்றால் பயம் வேண்டாம். எரிச்சல் அடங்காமல் சிவந்தால் உடனே கழுவிவிடுங்கள். மறுநாள் சாதாரண மாய்ஸ்சரைசரே எரிந்தால் தோலின் பாதுகாப்பு அடுக்கு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆசிடை நிறுத்துங்கள், குறையாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.