மிஷினுக்கு மானியம் வந்தால் லாபம் எவ்வளவு கூடும்? குன்னூர் டீ ஃபேக்டரி கணக்கு

குன்னூரில் ஒரு டீ ஃபேக்டரி 20 லட்ச ரூபாய்க்கு சிடிசி மிஷின் வாங்குகிறது. தேயிலை வாரியம் 25 சதவீதம், அதாவது 5 லட்சம் மானியம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே இந்த வருஷ லாபத்தில் சேர்க்கலாமா? கூடாது.

கணக்கியல் தரநிலை 12-ன்படி, மானியத்தைக் கழித்து மிஷின் விலையை 15 லட்சம் என எழுதலாம். ஆயுள் 10 வருஷம் என்றால், வருஷத் தேய்மானம் 2 லட்சத்திலிருந்து 1.5 லட்சமாகக் குறையும். லாபம் வருஷத்துக்கு 50 ஆயிரம் கூடும்.

விலையை 20 லட்சமாகவே விட்டு, மானியத்தைத் தனியாக வைத்து வருஷம் 50 ஆயிரம் வருமானமாகக் காட்டினாலும் லாபம் அதேதான்.

மொத்தமாகச் சேர்த்தால் முதல் வருஷ லாபம் 4.5 லட்சம் வீங்கும். அடுத்த 9 வருஷமும் 50 ஆயிரம் குறைவாகத் தெரியும். வருமான வரியிலோ ஒரே வழிதான்: தேய்மானம் 15 லட்சத்துக்கு மட்டுமே.