பெயரைத் தேடி வருபவருக்கு இரண்டு வரி

ஆன் பிரிக்ஸ் என்று தேடினால் அதே பெயரில் வேறு சிலரும் வரக்கூடும். அதனால் தலைப்பில் பெயர் முதலில் நிற்க வேண்டும், ஒட்டியே அடையாளமும்: ‘ஆன் பிரிக்ஸ் – இங்கிலாந்து நாட்டுப்புறப் பாடகி, வாழ்க்கை வரலாறு’. ‘இசை மேதை’ என்று தொடங்கினால் யாரென்றே தெரியாது. நீளமான தலைப்பின் வால் தேடல் முடிவில் வெட்டுப்படும். பெயர் அங்கே போய்விடக் கூடாது.

கீழே வரும் குறிப்பில் அவருக்கு மட்டுமே பொருந்துவதை எழுதுங்கள்: ‘1944இல் பிறந்தவர். பிளாக்வாட்டர் சைட் பாடலை பெர்ட் ஜான்ஷுக்குக் கற்றுக்கொடுத்தவர். 1971இல் இரண்டு ஆல்பங்கள் வந்தன. 1970களிலேயே இசையுலகை விட்டு விலகினார்.’

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் ஒருபோதும் விடமாட்டேன். அது இல்லையென்றால், கச்சேரித் தேதி தேடி வரும் ரசிகர் உள்ளே போய்த்தான் ஏமாற வேண்டியிருக்கும்.