ஊர் திரும்பிய பின்னும் ஏன் மாத்திரை?

பங்காருபாளையத்தில் வாழும் நம்மவர் ஒருவர் தொழிலின் பொருட்டுப் பாடேரு மலைப்பகுதிக்குச் செல்கிறார் என்று கொள்வோம். இரண்டும் ஆந்திர மாநிலத்து ஊர்களே. ஆயினும் அம்மலைக்காடுகளில் மலேரியா மிகுதி. ஜூன் 10ஆம் நாள் அங்குச் சேர்ந்து 20ஆம் நாள் புறப்படுவார். மருத்துவர் அவரது உடல்நிலையை ஆராய்ந்து, நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஒன்று உட்கொள்ளுமாறு எழுதித் தருகிறார். கருவுற்ற தாய்மாருக்கும் எட்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கும் இம்மருந்து ஆகாது. அவர்களுக்கு வேறு வழியை மருத்துவரே கூறுவார்.

முதல் மாத்திரையை ஜூன் 8ஆம் நாளே உட்கொள்ள வேண்டும். கொசு கடிக்கும் வேளையில் மருந்து குருதியில் நிறைந்திருக்க வேண்டுமல்லவா? மருந்து வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிடில், மருத்துவர் அருகிலிருக்கும்போதே அது தெரிந்துவிடும் என்பது மற்றொரு நன்மை.

ஊர் திரும்பியதும் மாத்திரையை நிறுத்திவிடுவதே பலரும் செய்யும் பிழை. கொசு உடலில் செலுத்தும் நோய்க்கிருமி முதலில் கல்லீரலுக்குச் சென்று, அங்கே ஒரு வாரமோ அதற்கு மேலோ பெருகிய பின்னரே குருதிக்கு வருகிறது. இம்மருந்து முக்கியமாகக் குருதியில்தான் அதனை எதிர்க்கிறது. எனவே, கடைசி நாளன்று கொசு கடித்திருந்தால், வீடு திரும்பிய பின்னர் வெளிவரும் கிருமியைத் தடுக்கக் குருதியில் மருந்து இருந்தாக வேண்டும். ஆகவே மேலும் நான்கு வாரங்கள், அதாவது ஜூலை 18 வரை, மாத்திரையைத் தொடர வேண்டும். முன்னர் 2, அங்கே 11, பின்னர் 28; ஆக 41 மாத்திரைகள். ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கி வைப்பது நலம்.

இனி வயிற்றுக் கோளாறு. வெறும் வயிற்றில் உட்கொண்டால் குமட்டலும் எரிச்சலும் தோன்றலாம். உணவுக்குப் பின், ஒரு குவளை நிறையத் தண்ணீருடன் விழுங்குக. அரைமணி நேரமேனும் படுக்கலாகாது. மாத்திரை உணவுக்குழலில் தங்கினால் புண் உண்டாகும். விழுங்கும்போது நெஞ்சில் வலித்தால் மருத்துவரைக் காண்க. எரிச்சலைத் தணிக்கும் அமில முறிவு மருந்தையும், இரும்புச்சத்து, சுண்ணச்சத்து மாத்திரைகளையும் இதனுடன் சேர்த்து உட்கொண்டால் இதன் ஆற்றல் குறையும். இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். விழுங்கிய அரைமணிக்குள் வாந்தி எடுத்தால் மற்றொரு மாத்திரை உட்கொள்ளலாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடர்ந்தால், தாமாக மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறுக. அவர் மருந்தை மாற்றித் தரக்கூடும்.

மாத்திரை இருக்கிறதென்று கொசுவலையை மறத்தல் ஆகாது. மேலும், ஒருவகை மலேரியாக் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, பல திங்கள் கழித்தும் எழும். அதனை இம்மருந்து அழிப்பதில்லை. ஆதலால் 41 மாத்திரைகளையும் தவறாமல் உட்கொண்டவரும், பின்னர்க் காய்ச்சல் கண்டால் அன்றே குருதியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அப்போது, "நான் பாடேருக்குச் சென்று வந்தேன்" என்று மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.